இணையம் இருக்கிறது, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை

கேஷை அழிப்பதில் தொடங்குவது ஏன் தலைகீழ் வரிசை?

மெசேஜ் செயலியில் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. வீடியோ அழைப்பு தடங்கலில்லாமல் ஓடுகிறது. குரோமைத் திறந்து ஒரு தளத்தின் முகவரியைத் தட்டினால் மட்டும் பக்கம் வருவதில்லை, பிழைச் செய்திதான் வருகிறது. இந்த நிலையில் வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம் மூன்று: ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், கேஷையும் குக்கிகளையும் அழியுங்கள், அதற்கும் சரியாகவில்லையென்றால் பிரவுசரையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள். மூன்றையும் செய்து பார்த்தும் பிழை அப்படியே நிற்பது சாதாரணமாக நடக்கிறது. காரணம், கோளாறு எங்கே இருக்கிறது என்று கேட்காமலேயே மூன்றும் செய்யப்படுகின்றன. உண்மையில் அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, கோளாறு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதிலேயே இருக்கிறது. எல்லா பிரவுசரிலும் எல்லாத் தளமும் திறக்கவில்லையா, ஒரே பிரவுசரில் மட்டும் திறக்கவில்லையா, ஒரே பிரவுசரில் ஒரே ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா? முதலாவது என்றால் கணினியின் ப்ராக்ஸி அமைப்பையும், இரண்டாவது என்றால் எக்ஸ்டென்ஷனையும், மூன்றாவது என்றால் சேமித்து வைத்த தரவையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். இதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். விண்டோஸ் கணினியையும் குரோமையும் வைத்தே இதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு நியாயமான மறுப்பு. மற்ற செயலிகள் ஓடுகின்றன என்பதாலேயே இணைய இணைப்பு நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. மெசேஜ் செயலி காலையில் ஏற்படுத்திய இணைப்பை மாலை வரை மூடாமல் வைத்திருக்கலாம். தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் இடையில் செயலிழந்திருந்தாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பில் செய்தி வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே புதிதாக ஓர் இணைப்பை ஏற்படுத்திப் பார்க்கும் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பு முதல் கணினியோடே வருகிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து இதைத் தட்டினால் போதும்:

```
curl.exe -I https://example.com
```

இந்தச் சிறு நிரல் பெயருக்கு உரிய முகவரியைத் தேடுகிறது, சர்வரோடு புது இணைப்பு ஏற்படுத்துகிறது, பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கிறது, பிறகு பதிலின் தலைப்பு வரிகளை மட்டும் காட்டுகிறது. இதில் நமக்குப் பயன்படும் குணம் ஒன்று உண்டு. குரோம் பார்க்கும் விண்டோஸ் ப்ராக்ஸி அமைப்பை இது பார்ப்பதில்லை. சூழல் மாறிகளில் ப்ராக்ஸி எதுவும் எழுதப்படாதிருந்தால் நேராகவே வெளியே போகும். ஆகவே `200` என்ற எண்ணோடு பதில் வந்து, அதே முகவரி குரோமில் திறக்கவில்லையென்றால், ரவுட்டர், டிஎன்எஸ், கணினியின் கடிகாரம் என்று ஒரு பெரிய பட்டியலையே அடித்துவிடலாம். `curl.exe` என்று முழுப்பெயரைத் தட்டுவதற்கும் காரணம் உண்டு. விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் வெறும் `curl` என்று தட்டினால் வேறொரு கட்டளை ஓடும். அது கணினியின் ப்ராக்ஸியைப் பின்பற்றுவதால், சாட்சி நம்மை ஏமாற்றிவிடும்.

ப்ராக்ஸி: எல்லா பிரவுசரையும் ஒரே நேரத்தில் முடக்குவது

ப்ராக்ஸி என்பது பிரவுசருக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் நிற்கும் ஓர் இடையாள் நிரல். பிரவுசர் தன் கோரிக்கையை அதனிடம் கொடுக்கும். அது வெளியே போய்ப் பக்கத்தை வாங்கி வரும். விண்டோஸில் இதற்கான முகவரி ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் ஓரிடத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. குரோமும் எட்ஜும் அந்த ஒரே இடத்தைத்தான் படிக்கின்றன. குரோமின் அமைப்புகளில் ப்ராக்ஸியைத் தேடிப் போனால் அது நம்மை விண்டோஸின் அமைப்புப் பக்கத்துக்கே அனுப்பிவிடுவது அதனால்தான். ஃபயர்பாக்ஸும் இயல்பாக விண்டோஸ் சொல்வதையே கேட்கும், ஆனால் தனக்கென்று வேறு அமைப்பை வைத்துக்கொள்ளவும் அதற்கு வசதி உண்டு. மற்ற செயலிகள் பலவும் இந்த அமைப்பைப் பார்ப்பதே இல்லை. சில பார்க்கும், ப்ராக்ஸி கிடைக்காவிட்டால் நேர்வழியில் போய்விடும். கையால் எழுதி வைத்த ப்ராக்ஸி கிடைக்காதபோது குரோம் அப்படி நேர்வழிக்கு மாறாது. மற்றதெல்லாம் ஓட பிரவுசர் மட்டும் நிற்கும் புதிருக்கு மிக இயல்பான விடை இதுதான்.

ஒரு கணினியை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். குரோமில் எந்தத் தளத்தைத் தட்டினாலும் `ERR_PROXY_CONNECTION_FAILED` என்று வருகிறது. எட்ஜிலும் அப்படியே. curl மட்டும் ஒழுங்காகப் பதில் தருகிறது. பிழையின் பெயரே ப்ராக்ஸியைச் சுட்டுகிறது, பரப்பும் அதையே சுட்டுகிறது. இனி, விண்டோஸ் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று கேட்கலாம்:

```
reg query "HKCU\Software\Microsoft\Windows\CurrentVersion\Internet Settings"
```

வரும் பட்டியலில் பார்க்க வேண்டியவை `ProxyEnable`, `ProxyServer`, `AutoConfigURL` என்ற மூன்று வரிகள். இந்தக் கணினியில் முதலாவது `0x1`, அதாவது ப்ராக்ஸி இயக்கத்தில் இருக்கிறது. இரண்டாவது `127.0.0.1:8888`. மூன்றாவது வரியே இல்லை. 127.0.0.1 என்பது எந்தக் கணினிக்கும் தன்னையே குறிக்கும் முகவரி. ஆக, வெளியே போக வேண்டிய கோரிக்கை ஒவ்வொன்றையும் இதே கணினியில் 8888 என்ற வாசலில் காத்திருக்கும் நிரலிடம் ஒப்படைக்கும்படி பிரவுசருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வாசலில் யாராவது இருக்கிறார்களா?

```
netstat -ano | findstr :8888
```

`LISTENING` என்ற சொல்லோடு ஒரு வரி வந்தால் யாரோ இருக்கிறார்கள் என்று பொருள். வரியின் கடைசியில் உள்ள எண்ணை டாஸ்க் மேனேஜரின் Details பட்டியலில் தேடினால் நிரலின் பெயர் தெரியும். இந்தக் கணினியில் அப்படி ஒரு வரியும் வரவில்லை. கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறார்கள், உள்ளே ஆளில்லை. ஆள் எங்கே போனார் என்பதற்குப் பெரும்பாலும் இரண்டு விளக்கங்கள். இணையப் போக்குவரத்தை ஆராய நிரலாளர்கள் பயன்படுத்தும் ஃபிட்லர் போன்ற கருவிகள், ஓடும்போது தங்களையே ப்ராக்ஸியாகப் பதிந்துகொண்டு, மூடும்போது பழைய அமைப்பைத் திருப்பி வைக்கும். 8888 ஃபிட்லரின் வழக்கமான வாசல் எண். அது ஒழுங்காக மூடப்படாமல் பாதியில் நின்றுபோனால் பதிவு மட்டும் மிஞ்சிவிடும். இரண்டாவது விளக்கம் விளம்பர வைரஸ். பக்கங்களுக்குள் விளம்பரம் செருகுவதற்காக அதுவும் இதே போலத் தன்னைப் ப்ராக்ஸியாக்கிக்கொள்ளும். ஆன்ட்டிவைரஸ் அந்த நிரலை நீக்கிவிட்டு, அது எழுதிய முகவரியை நீக்காமல் விட்டால், வைரஸ் போன அன்றுதான் பிரவுசரும் போகும்.

தீர்வு ஒரு நிமிட வேலை. விண்டோஸ் 11-இல் Settings, அதில் Network & internet, அதில் Proxy என்று போய், Use a proxy server என்பதை அணைத்தால் போதும். ஆனால் அணைப்பதற்கு முன் அங்கே எழுதியிருக்கும் முகவரியைக் குறித்துக்கொள்வது நல்லது. 127.0.0.1 என்பதற்குப் பதில் 10 அல்லது 192.168 என்று தொடங்கும் முகவரி இருந்தால், அது ஓர் அலுவலகமோ கல்லூரியோ தந்ததாக இருக்கலாம். அந்த மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் ப்ராக்ஸி எட்டாது. அதே கணினி திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகும்போது ப்ராக்ஸி இல்லாமல் எதுவும் திறக்காமல் போகலாம். இந்த இரு நிலைகளையும் நேரத்தை வைத்தே ஓரளவு பிரித்தறியலாம். தன் கணினியிலேயே ஆளில்லாத வாசல் என்றால் மறுப்பு உடனே வரும், பிழைப் பக்கமும் ஓரிரு விநாடியில் வரும். எட்டாத தூரத்தில் இருக்கும் முகவரி என்றால் பதிலே வராது. பிரவுசர் வெகுநேரம் சுற்றிவிட்டுப் பிறகுதான் கைவிடும்.

அணைத்தது மறுநாள் தானாகவே மீண்டும் இயங்கினால், யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அது கணினியோடு சேர்ந்து தொடங்கும் நிரலாக இருக்கலாம், நிறுவனத்தின் கட்டுப்பாட்டு விதியாகவும் இருக்கலாம். குரோமின் முகவரிப் பட்டையில் `chrome://policy` என்று தட்டினால் விதிகளின் பட்டியல் வரும். அதில் `ProxyMode` அல்லது `ProxySettings` இருந்தால், மாற்றும் அதிகாரம் நிர்வாகியிடம்தான். சொந்தக் கணினியில், எந்த நிறுவனத்தோடும் தொடர்பில்லாத நிலையில் அப்படி ஒரு விதி தென்பட்டால், அதைத் தீய நிரலின் தடயமாகவே எடுத்துக்கொண்டு கணினி முழுவதையும் சோதிக்க வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான வைத்தியங்கள் எவையும் இந்த இடத்தைத் தொடவில்லை. கேஷை அழிப்பது குரோமின் கோப்புகளைத் தொடும், விண்டோஸின் இந்தப் பதிவைத் தொடாது. குரோமை நீக்கி மறுபடி நிறுவினாலும் புதிய குரோம் அதே பதிவைத்தான் படிக்கும். `ipconfig /flushdns` என்று டிஎன்எஸ் நினைவைத் துடைப்பதும் வீண்தான். ப்ராக்ஸி இருக்கும்போது தளத்தின் பெயரைத் தேடும் வேலை ப்ராக்ஸியுடையது, பிரவுசர் அதைச் செய்வதே இல்லை.

எக்ஸ்டென்ஷன்: ஒரு பிரவுசரோடு நிற்பது

எட்ஜில் எல்லாம் திறக்கிறது, குரோமில் மட்டும் திறக்கவில்லை என்றால் விண்டோஸ் ப்ராக்ஸி கிட்டத்தட்டக் குற்றமற்றது. இனித் தேட வேண்டியது குரோமுக்குள். அதற்குள்ளும் இடத்தைச் சுருக்க ஒரு சோதனை உண்டு. வலது மேல்மூலையில் உள்ள பயனர் படத்தைத் தட்டி Guest சாளரத்தைத் திறக்க வேண்டும். பயனர் நிறுவிய எக்ஸ்டென்ஷன் எதுவும் அதில் இருக்காது. குக்கி, கேஷ் எல்லாம் வெறுமையாகத் தொடங்கும். கணினியின் ப்ராக்ஸி மட்டும் அதேதான். பலரும் இதற்கு இன்காக்னிட்டோ சாளரத்தைப் பயன்படுத்துவார்கள். ஆனால் ஏதாவது ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு இன்காக்னிட்டோவிலும் அனுமதி கொடுத்திருந்தால் அது கூடவே வந்துவிடும். ஆகவே Guest இன்னும் துப்புரவான சோதனை. அங்கே தளங்கள் திறந்தால், பழி எக்ஸ்டென்ஷன் மீதோ சேமித்த தரவின் மீதோ விழுகிறது. இரண்டில் எது என்பதை மறுபடியும் பரப்பே சொல்லும். எல்லாத் தளங்களும் நின்றிருந்தால் எக்ஸ்டென்ஷன், ஒன்றிரண்டு தளங்கள் மட்டும் நின்றிருந்தால் பெரும்பாலும் தரவு.

எல்லாத் தளங்களையும் நிறுத்தக்கூடிய எக்ஸ்டென்ஷன்களில் முதலில் பார்க்க வேண்டியவை இலவச விபிஎன் வகை. பிரவுசருக்குள் ஓடும் விபிஎன் எக்ஸ்டென்ஷன்கள் பொதுவாகச் செய்வது, குரோமின் ப்ராக்ஸியைத் தங்கள் சர்வருக்குத் திருப்பிவிடுவதுதான். எக்ஸ்டென்ஷன் வைக்கும் ப்ராக்ஸி, விண்டோஸ் சொல்வதை மீறி, குரோமுக்குள் மட்டும் செல்லுபடியாகும். அந்தச் சர்வர் நின்றுபோனாலோ கணக்கின் காலம் முடிந்தாலோ குரோம் ஊமையாகிவிடும். எட்ஜும் மற்ற செயலிகளும் ஒன்றும் நடக்காதது போல ஓடும். அப்போது விண்டோஸின் ப்ராக்ஸிப் பக்கத்தில் எதையும் காண முடியாது. குரோமின் Settings பக்கத்தில் System பகுதிக்குப் போனால், இந்த அமைப்பை எந்த எக்ஸ்டென்ஷன் கையில் வைத்திருக்கிறது என்று பெயரோடு காட்டும், அதை அணைக்கும் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கும்.

விளம்பரத் தடுப்பான்களின் கைவேலை வேறு விதம். அவை தடுத்தால் `ERR_BLOCKED_BY_CLIENT` என்று வரும். கோரிக்கை கணினியை விட்டு வெளியேறுவதற்கு முன்பே பிரவுசருக்குள் தடுக்கப்பட்டது என்பது இதன் பொருள். இந்தப் பிழையைப் பார்த்துவிட்டு இணைய நிறுவனத்தை அழைப்பதில் பயனில்லை. எந்த எக்ஸ்டென்ஷன் என்று தெரியாவிட்டால் `chrome://extensions` பக்கத்தில் பாதியை அணைத்துப் பார்க்க வேண்டும். சரியானால் அணைத்த பாதிக்குள் இருக்கிறது, இல்லையென்றால் மற்ற பாதிக்குள். பதினாறு எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் நான்கு சுற்றில் குற்றவாளி தெரிந்துவிடும். நீக்க வேண்டியதில்லை, அணைப்பதே போதும்; நீக்கினால் அதன் அமைப்புகளும் சேர்ந்து போய்விடும்.

பிரவுசரையே நீக்கி மறுபடி நிறுவினால் எக்ஸ்டென்ஷன் தொல்லையாவது ஒழியாதா என்று கேட்கலாம். விண்டோஸில் குரோமை நீக்கும்போது, பயனர் தரவையும் நீக்கு என்ற கட்டத்தைத் தனியாகக் குறித்தால் ஒழிய, பழைய பயனர் கோப்புறை அங்கேயே இருக்கும். புதிய குரோம் அதையே எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தைக் குறித்து நீக்கினாலும், கூகுள் கணக்கில் நுழைந்து ஒத்திசைவை இயக்கியதும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

சேமித்த தரவு: ஒரு தளத்தோடு முடிவது

கேஷ் என்பது ஒவ்வொரு கோப்பையும் அதன் இணைய முகவரியோடு சேர்த்து வைக்கும் கிடங்கு. ஒரு செய்தித் தளத்தின் பழைய கோப்பு கெட்டுப்போனதற்காக வங்கித் தளம் திறக்காமல் போவதில்லை. குக்கிகளும் அந்தந்தத் தளத்துக்கே உரியவை. ஆகவே எந்தத் தளமுமே திறக்காதபோது முதல் மருந்தாகக் கேஷை அழிப்பது, நோய் இருக்க அரிதாகவே வாய்ப்புள்ள இடத்தில் தொடங்குவதாகும். ஆனால் ஒரு தளம் மட்டும் பிடிவாதமாக நின்றால் நிலைமை மாறுகிறது. `ERR_TOO_MANY_REDIRECTS` என்று வந்தால், உள்நுழைவுக் குக்கி பழையதாகி, தளம் நம்மை நுழைவுப் பக்கத்துக்கும் முகப்புக்கும் இடையில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கக் கூடும். `400 Bad Request` என்ற தலைப்பின் கீழே `Request Header Or Cookie Too Large` என்று வந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தத் தளம் கொடுத்த குக்கிகள் சேர்ந்து பெருத்துவிட்டன, அதை வாங்கிக்கொள்ள சர்வர் மறுக்கிறது. பக்கம் வந்தும் வெள்ளையாக நின்றால், சர்வீஸ் வொர்க்கர் எனப்படும், தளம் பிரவுசருக்குள் விட்டுச்சென்ற சிறு நிரல், பழைய கோப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். Ctrl, Shift, R மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கேஷையும் அந்த நிரலையும் தாண்டி சர்வரிடமே கேட்கும். அப்போது பக்கம் சரியாக வந்தால் காரணம் உறுதியாகிவிட்டது.

இந்த மூன்று நிலைகளிலும் அழிக்க வேண்டியது அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும். முகவரிக்கு இடப்புறம் உள்ள குறியைத் தட்டி Site settings பக்கத்துக்குப் போனால், அந்தத் தளத்தின் தரவை மட்டும் அழிக்கும் பொத்தான் இருக்கும்.

மூன்றிலும் அடங்காதவை

இந்த மூன்றுக்கு வெளியே காரணமே இல்லை என்று சொன்னால் அது பொய். முக்கியமான விதிவிலக்கு குரோமின் Use secure DNS என்ற வசதி. டிஎன்எஸ் தேடலை மறைகுறியாக்கி, பயனர் தேர்ந்தெடுத்த ஒரு சேவைக்கு அனுப்புவது இதன் வேலை. ஒரு சேவையைக் குறிப்பாகத் தேர்ந்தெடுத்திருந்து, அலுவலக நெட்வொர்க் அதைத் தடுத்தால், குரோம் சாதாரண டிஎன்எஸ்ஸுக்குத் திரும்பாது. எந்தத் தளமும் திறக்காது, Guest சாளரத்திலும் திறக்காது, ஆனால் curl வேலை செய்யும். பிழையின் பெயரில் ப்ராக்ஸி என்ற சொல் இல்லாமல் `DNS` என்றோ `NAME_NOT_RESOLVED` என்றோ இருப்பதை வைத்து இதை அடையாளம் காணலாம். ஃபயர்வாலோ ஆன்ட்டிவைரஸோ ஒரு பிரவுசரை மட்டும் குறிவைத்துத் தடுப்பதும் உண்டு.

சில சமயம் தவறு பிரவுசரை எழுதியவர்களிடமே இருக்கும். 2022 ஜனவரி 13 அன்று உலகம் முழுவதும் ஃபயர்பாக்ஸ் பயனர்கள் பலருக்குத் தளங்கள் திறக்கவில்லை. ஃபயர்பாக்ஸ் தன் பயன்பாட்டுத் தகவல்களை அனுப்பும் மேகக் கணிமை சேவையில் எச்டிடிபி/3 நெறிமுறை இயல்பாக இயங்கத் தொடங்கியிருந்தது. தலைப்பு வரி ஒன்றைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்த்துத் தேடும் பிழை ஃபயர்பாக்ஸின் எச்டிடிபி/3 நிரலில் முன்பே ஒளிந்திருந்தது. இரண்டும் சந்தித்ததும் நெட்வொர்க் வேலைகளைச் செய்யும் இழை முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டது. சர்வர் பக்கம் அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்ற பிறகே சிக்கல் அடங்கியது. அன்று ப்ராக்ஸியைப் பார்த்தவர்களுக்கும் பலனில்லை, கேஷை அழித்தவர்களுக்கும் பலனில்லை. ஆனால் இருவரின் நட்டம் ஒன்றல்ல. வரிசையாகப் பார்த்தவர், பரப்பு ஒரே பிரவுசர், Guest போன்ற புதிய பயனரிலும் அதே கோளாறு என்று கண்டு, வேறு பிரவுசருக்கு மாறிக் காத்திருந்திருப்பார். அழித்தவர் தன் தரவை இழந்திருப்பார்.

எப்படியும் மூன்றையும் செய்து பார்க்கத்தானே போகிறோம், வரிசைக்கு என்ன அவசியம் என்ற மறுப்புக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ப்ராக்ஸியை அணைத்தால் மறுபடி இயக்கலாம். எக்ஸ்டென்ஷனை அணைத்தாலும் அப்படியே. அழித்த தரவு திரும்பாது. எல்லாக் காலத்துக்கும் எல்லாவற்றையும் அழித்தால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்படுவோம், தளங்கள் பிரவுசருக்குள் வைத்திருந்த அனுப்பாத வரைவுகள் போகும். அவசரத்தில் கடவுச்சொல் கட்டத்தையும் குறித்துவிட்டால், ஒத்திசைவு இயக்கத்தில் இருக்கும் கணக்கில் அவை மற்றக் கருவிகளிலிருந்தும் போகும். அதோடு, எந்தத் தளத்தின் எந்தத் தரவு கெட்டிருந்தது என்பதற்கான தடயமும் அழிந்துவிடும். அதே கோளாறு அடுத்த வாரம் வந்தால் மீண்டும் முதலிலிருந்துதான். பரவலாகப் பாதிப்பதை முதலில் பார்ப்பது என்ற வரிசையும், திருப்பி எடுக்க முடியாததைக் கடைசியில் செய்வது என்ற வரிசையும் இங்கே ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. அதனால்தான் ப்ராக்ஸி முதலில், எக்ஸ்டென்ஷன் அடுத்து, அழிக்கும் பொத்தான் கடைசியில், அதுவும் ஒரு தளத்துக்கு மட்டும்.